நடுக்கம் எங்கிருந்து வருகிறது? பேசல் கேங்லியாவும் சிறுமூளையும்

அப்பாவுக்கு 66 வயது. வலது கை நடுங்குகிறது. ஒரு டாக்டர் பார்க்கின்சன், அதாவது மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் திரள்களின் கோளாறு என்கிறார். தெரிந்தவர் ஒருவர் சிறுமூளைக் கோளாறாக இருக்கும் என்கிறார். வீட்டில் பார்த்தே வித்தியாசம் தெரியுமா?

ஓரளவு தெரியும். கை எப்போது நடுங்குகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் மடியில் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். மனம் கணக்கில் இருக்கும்போது, சும்மா கிடக்கும் கை மாத்திரையை உருட்டுவதுபோல் நடுங்கினால் அது பார்க்கின்சன் பக்கம். நொடிக்கு 4 முதல் 6 முறை ஆடும். டம்ளரை எடுக்கப் போகும்போது அது பெரும்பாலும் அடங்கிவிடும். எடுத்த டம்ளரை அசையாமல் பிடித்திருந்தால் சில நொடிகளில் திரும்ப வரலாம். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சிறுமூளை கெட்டால் நேர்மாறு. மடியில் கை அமைதியாக இருக்கும். டம்ளரை நோக்கி நீட்டும்போது ஆட்டம் தொடங்கி, நெருங்க நெருங்கக் கூடும். கை டம்ளரைத் தாண்டிப் போய்த் தட்டிவிடவும் செய்யும்.

அடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாக விரித்து, வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்லுங்கள். பார்க்கின்சனில் முதல் மூன்று நான்கு தட்டு சரியாக இருக்கும். பிறகு விரல் விரிவது குறைந்துகொண்டே வந்து நடுவில் நின்றுபோகும். சிறுமூளைக் கோளாறில் அப்படிச் சுருங்காது, தாளம்தான் தப்பும்: ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. கையெழுத்தும் இதே கதைதான். ஒரே வாக்கியத்தை ஐந்து வரி எழுதினால் பார்க்கின்சனில் எழுத்து பொடியாகிக்கொண்டே போகும். மற்றதில் எழுத்து பெரிதாகி வரிக்கு மேலும் கீழும் அலையும்.

இரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் உண்டு. மடியில் கை அமைதி. டம்ளரைப் பிடித்தால் நடுக்கம். ஆனால் குறி தப்பாது, நடையும் பேச்சும் சரியாக இருக்கும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கலாம். ‘எசென்ஷியல் ட்ரெமர்’ எனப்படும் இது பார்க்கின்சனைவிட அதிகம் காணப்படுவது. இதை ஒதுக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பேசல் கேங்லியா, சிறுமூளை இரண்டுமே அசைவைக் கவனிக்கும் பகுதிகள் என்றால், கெடும்போது ஏன் ஒரே மாதிரி கெடவில்லை?

இரண்டும் செய்கிற வேலை வேறு. இரண்டுமே தசைக்கு நேராக உத்தரவு போடுவதில்லை. அதனால்தான் எது கெட்டாலும் பக்கவாதம்போல் கை வலுவிழந்து விழுவதில்லை.

பேசல் கேங்லியாவின் வாசலில் இருப்பது குளோபஸ் பாலிடஸின் உள்பகுதி. மூளையின் மேலுறையான புறணிக்குச் செய்தி அனுப்பும் தலாமஸை அது ஓயாமல் அடக்கியபடி இருக்கிறது. கையை நீட்ட நினைத்தால் பேசல் கேங்லியாவின் இன்னொரு பகுதியான ஸ்ட்ரையாட்டம் அந்த அடக்குகிறவனையே அடக்கும். பிடி தளர்ந்து, வேண்டிய அசைவு மட்டும் வெளியேறும். இது நேர்வழி. சுற்றுவழி ஒன்றும் உண்டு. அது சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற சிறு நரம்பணுத் திரள் வழியாகப் போய் பிடியை இறுக்கி, வேண்டாத அசைவுகளை நிறுத்துகிறது. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் நேர்வழியை ஊக்கி, சுற்றுவழியைத் தணிக்கிறது. பார்க்கின்சனில் நடப்பதுபோல் அது குறைந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் பிடி இறுகும். எழுந்திருக்கத் தாமதம், சின்ன அடி, விறைப்பு எல்லாம் அங்கிருந்து வருகின்றன.

சிறுமூளை கவனிப்பது அசைவு தொடங்கிய பிறகு நடப்பதை. கண் பார்த்துத் திருத்தம் சொல்ல நொடியில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு நேரம் ஆகிறது. கை அதற்குள் தாண்டிவிடும். எனவே எப்போது பிரேக் போட வேண்டும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, எதிர்த்தசையை நேரத்துக்கு இழுக்க வைக்கிறது. அந்தக் கணிப்பு போய்விட்டால் பிந்தி வரும் திருத்தத்தை மட்டுமே நம்ப வேண்டும். ஹீட்டர் தண்ணீர் கைக்கு வந்துசேரத் தாமதமாகும் குளியலறையில் குழாயைத் திருகிப் பாருங்கள்: சூடு போதவில்லை என்று திறப்பீர்கள், கொதிக்கும், மூடுவீர்கள், சில்லென்று வரும். டம்ளர் அருகே ஆடும் கையும் இப்படித்தான், ஒவ்வொரு திருத்தமும் தாண்டிப்போய் இன்னொரு திருத்தத்தைக் கேட்கிறது.

அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை நோயாளி. திடீரென இடது கையும் காலும் தாமாக வீசி ஆடுகின்றன. சர்க்கரை 480. இது வலிப்பா?

நினைவு தெளிவாக இருந்து, தூங்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் வலிப்பைவிட பேசல் கேங்லியா கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முன்பு சொன்ன பிடி இங்கே தளர்ந்துவிட்டது. மிக அதிகச் சர்க்கரையில், முக்கியமாக வயதான பெண்களுக்கு, இப்படி வருவது அறியப்பட்ட ஒன்று. எம்.ஆர்.ஐ.யின் டி1 படத்தில் ஸ்ட்ரையாட்டத்தின் ஒரு பகுதியான எதிர்ப்பக்கப் புட்டாமென், அதாவது இவருக்கு வலதுபுறம், வெள்ளையாகத் தெரியும். சி.டி.யில் அதை ரத்தக்கசிவு என்று தவறாகப் படிப்பதும் நடக்கிறது. பட்டாணி அளவே உள்ள சப்தாலமிக் நியூக்ளியஸில் சிறு பக்கவாதம் வந்தாலும் இதே காட்சிதான், வீச்சு இன்னும் பலமாக இருக்கும். ஆகவே இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்லுங்கள். சர்க்கரை காரணமென்றால், அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின் ஆட்டம் பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ அடங்கும். சிலருக்குக் கொஞ்ச காலம் மாத்திரையும் தேவைப்படும்.

இடது சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைப்பு, தடுமாறுவதும் இடது கை. மூளையின் இடது பக்கம் வலது உடலைத்தானே ஆள்கிறது?

பாதை இரண்டு முறை குறுக்கே போகிறது. இடது சிறுமூளையின் செய்தி நடுமூளையில் வலப்பக்கம் தாண்டி வலது தலாமஸுக்கும் புறணிக்கும் போகிறது. அங்கிருந்து இறங்கும் நரம்பு முகுளத்தில் மீண்டும் இடப்பக்கம் தாண்டுகிறது. பேசல் கேங்லியா தன் பக்கத்துப் புறணியோடே பேசுவதால் ஒரே ஒரு தாண்டல்தான். அதனால் குறை எதிர்ப்பக்கம் தெரியும்.

இதில் ஓர் ஆபத்து. அடைப்பு சிறுமூளையின் நடுப்பகுதியான வெர்மிஸில் என்றால் கைகால் சோதனை படுக்கையில் சரியாகவே இருக்கும். எழுந்து உட்காரச் சொன்னால்தான் உடம்பு சாயும். தலைசுற்றல், வாந்தி என்று வந்தவரைப் படுக்கவைத்தே பார்த்து, வாயுத் தொல்லை என்று அனுப்பிவிடுவது இப்படித்தான் நடக்கிறது. ஆரம்ப சி.டி.யும் இதைத் தவறவிடும். முதல் சில நாட்களில் வீக்கம் கூடி மூளைத்தண்டை நெருக்கலாம். திடீர் தலைசுற்றலோடு, பிடிக்காமல் உட்காரவோ நிற்கவோ முடியாதவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மாத்திரைகளாலும் இவை வருமா?

வரும். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனநோய் மருந்துகள் பல, அச்சு அசல் பார்க்கின்சன் போன்ற விறைப்பைத் தரும். வயதானவர்கள் தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் தாமே வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே சகஜம். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் மாதங்கள் பிடிக்கலாம். சிறுமூளைப் பக்கம் பார்த்தால் மதுவும், வலிப்புக்கான ஃபெனிடாயின் அளவு கூடுவதும். ஃபெனிடாயின் எடுப்பவர் குடித்தவர்போல் தள்ளாடினால் ரத்தத்தில் அதன் அளவைப் பாருங்கள். தானாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு அடுத்தடுத்து வரும்.