620 ரூபாய்க்குப் பயந்து 5 லட்சத்தைக் கவனிக்காமல் விடலாமா?

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். போன வருஷம் ஜனவரியிலிருந்து மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போகிறது, ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி. பேங்கில் சொல்லித்தான் ஆரம்பித்தேன். இன்று ஜூன் 20, மதிப்பு 96,000 காட்டுகிறது. பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட 30,000 வேண்டும், பேசாமல் மொத்தத்தையும் எடுத்துவிடலாமா என்றும் யோசனை. ஃபேக்ட்ஷீட்டில் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ ரெகுலர் 1.80, டைரக்ட் 0.75, எக்ஸிட் லோடு ஒரு வருஷத்துக்குள் 1 சதவீதம் என்று இருக்கிறது. ரிட்டர்ன் 14 சதவீதம் என்றால் இதையெல்லாம் கழித்துத்தான் கையில் வருமா? எக்ஸிட் லோடு நிறைய பிடிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது சார்.

பதில்: முதலில் அந்த 14 சதவீதம். அதிலிருந்து 1.80-ஐக் கழிக்காதீர்கள், ஏற்கெனவே கழித்தாகிவிட்டது. எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்பது ஃபண்டை நடத்தும் செலவு, அதற்கென்று தனியாக உங்களிடம் யாரும் பில் போடுவதில்லை. வருஷத்துக்கு 1.80 சதவீதத்தை 365-ஆகப் பிரித்து, ஃபண்டின் மொத்தச் சொத்திலிருந்து தினமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வைத்துத்தான் அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, என்று போடுகிறார்கள். ஒரு லட்சம் ரூபாய் வைத்திருந்தால் நாளுக்கு சுமார் 5 ரூபாய். மார்க்கெட் ஏறினாலும் எடுப்பார்கள், இறங்கினாலும் எடுப்பார்கள், ஸ்டேட்மென்டில் ஒரு வரி கூட அதற்கென்று இருக்காது. அதனால்தான் பலரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஃபேக்ட்ஷீட்டின் ரிட்டர்ன் அட்டவணையில் இன்னொன்றையும் பாருங்கள்: அது எந்தப் பிளானுக்கான கணக்கு என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் ஏஜென்ட் அல்லது பேங்க் வழியாக வாங்கும் ரெகுலர், அதிலும் லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் ஃபண்டிலேயே விடும் குரோத். எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் பணத்தை எடுத்தால் பிடிக்கும் கட்டணம், மட்டும் அந்த அட்டவணையில் கழிக்கப்பட்டிருக்காது.

சரி, நீங்கள் பயப்படும் எக்ஸிட் லோடுக்கு வருவோம். ஒரு வருஷம் என்பதை நீங்கள் எஸ்ஐபி ஆரம்பித்த தேதியிலிருந்து எண்ணக்கூடாது. ஒவ்வொரு தவணையும் தனி முதலீடு, அதற்கு யூனிட் ஒதுக்கிய நாளிலிருந்து தனியாக ஒரு வருஷம் ஓட வேண்டும். நீங்கள் இதுவரை 18 தவணை கட்டியிருக்கிறீர்கள். போன வருஷம் ஜனவரி முதல் ஜூன் வரையிலான 6 தவணைகள் இன்றைக்கு ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டன, ஜூலையிலிருந்து கட்டிய 12 இன்னும் தாண்டவில்லை. 96,000-ஐ தோராயமாகப் பிரிப்போம், பழைய 6 தவணை 34,000, புதிய 12 தவணை 62,000 என்று வைத்துக்கொள்ளுங்கள் (சரியான எண் ஸ்டேட்மென்டில் யூனிட் வாரியாக இருக்கும்). மொத்தத்தையும் இன்று எடுத்தால் லோடு 62,000-க்கு மட்டும், அதாவது 620 ரூபாய். லாபத்துக்கு மட்டும்தான் 1 சதவீதம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எடுக்கும் மொத்தத் தொகைக்கு.

ஆனால் உங்களுக்குத் தேவை 30,000தானே? யூனிட்டை விற்கும்போது முதலில் வாங்கியதுதான் முதலில் போகும். நீங்கள் 30,000 கேட்டால் ஒரு வருஷம் தாண்டிய அந்த 34,000-லிருந்துதான் எடுப்பார்கள், எக்ஸிட் லோடு சுத்தமாக இல்லை. வரியும் அப்படியே. ஈக்விட்டி ஃபண்டில் 12 மாதம் தாண்டிய லாபத்துக்கு, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி கிடையாது, உங்கள் லாபம் அதன் பக்கத்திலேயே வராது. மொத்தமாக எடுத்தால் புதிய தவணைகளில் கிடைத்த சுமார் 2,000 ரூபாய் லாபத்துக்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 416 ரூபாய் வரி வரும். ஆக ஃபீஸுக்கு வேண்டியதை மட்டும் எடுத்தால் செலவு பூஜ்யம், அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுத்தால் ஆயிரத்துச் சொச்சம். எனக்கென்னவோ இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஃபேக்ட்ஷீட்டில் எக்ஸிட் லோடு பற்றிய குறிப்பைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிபந்தனை ஃபண்டுக்கு ஃபண்டு மாறும். சிலவற்றில் வருஷத்துக்குள் எடுத்தாலும் முதல் 10 சதவீத யூனிட்டுக்கு லோடு இல்லை, சிலவற்றில் காலக்கெடுவே 90 நாள்தான், லிக்விட் ஃபண்டில் ஏழாவது நாளிலிருந்தே எதுவும் கிடையாது. இடையில் நிபந்தனையை மாற்றினால் அது மாற்றிய பிறகு போடும் பணத்துக்குத்தான் பொருந்தும், ஆனால் ஃபேக்ட்ஷீட்டில் இன்றைய நிபந்தனை மட்டும்தான் அச்சாகியிருக்கும். அப்புறம், பிடித்த லோடு ஃபண்டு கம்பெனியின் பைக்குப் போவதில்லை, அந்தத் திட்டத்திலேயே திரும்பச் சேர்ந்துவிடுகிறது. அவசரமாக வெளியேறுபவரால் தங்கி இருப்பவருக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது அந்த 1.80-க்கும் 0.75-க்கும் நடுவில் இருக்கும் 1.05-ஐப் பார்த்து. இரண்டுக்கும் அதே ஃபண்டு மேனேஜர், அதே பங்குகள். வித்தியாசம் பெரும்பாலும் விற்றுக் கொடுத்தவருக்குப் போகும் கமிஷன். நடுவில் ஆள் இல்லாமல் நேராக வாங்கும் டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டிலும் இருக்கிறது, ஆனால் பேங்க் கவுன்டரில் அதை யாரும் எடுத்துச் சொல்லப்போவதில்லை. உங்கள் 96,000-க்கு இந்த 1.05 சதவீதம் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய். இன்றே மொத்தத்தையும் எடுத்தால் வரும் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் அது ஒரு தடவையோடு முடிந்துவிடும், இது வருஷா வருஷம், அதுவும் பணம் பெருகப் பெருகக் கூடவே பெருகும். இதே 5,000-ஐ 20 வருஷம் கட்டி, செலவுக்கு முன் 12 சதவீத வளர்ச்சி என்று வைத்தால், டைரக்டில் சுமார் 42 லட்சம், ரெகுலரில் சுமார் 37 லட்சம். நீங்கள் போட்டது 12 லட்சம். 12 சதவீதம் வரும் என்று நான் சொல்லவில்லை, வளர்ச்சி எவ்வளவு வந்தாலும் இடைவெளி இப்படித்தான் விரியும்.

அதற்காக நாளைக்கே எல்லாவற்றையும் டைரக்டுக்கு மாற்றிவிடாதீர்கள். ஒரே ஃபண்டுக்குள் ரெகுலரிலிருந்து டைரக்டுக்குப் போவதும் விற்று வாங்குவதாகவே கணக்கு. வரி உண்டு, எக்ஸிட் லோடும் வரலாம், ஒரு வருஷ எண்ணிக்கையும் புதிதாக ஆரம்பிக்கும். ரெகுலர் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு அடுத்த மாதத்திலிருந்து அதே ஃபண்டின் டைரக்டில் புது எஸ்ஐபி போடுங்கள். பழைய தவணைகளை ஒவ்வொன்றாக வருஷம் தாண்டத் தாண்ட மாற்றிக்கொள்ளலாம், கடைசியாக இந்த ஜூன் மாதம் கட்டியது அடுத்த ஜூனில் வெளியே வந்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மார்க்கெட் 20 சதவீதம் விழும்போது எஸ்ஐபியை நிறுத்தாமல் உங்களைப் பிடித்து வைப்பவர், நாமினி, பேங்க் மாற்றம் என்று வேலை பார்த்துத் தருபவர் உங்களுக்கு இருந்தால், அந்த 1.05 அவருடைய கூலி, கொடுக்கலாம். ஒருமுறை கையெழுத்து வாங்கியவர் மறுபடி போன் எடுக்கவே இல்லை என்றால் எதற்குக் கொடுக்க வேண்டும்? உங்கள் ஃபண்டில் அவருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க ஊகிக்க வேண்டியதில்லை. மார்ச், செப்டம்பர் முடிந்ததும் ஈமெயிலில் வரும் அரையாண்டு ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்டில் ரூபாய்க் கணக்கிலேயே கமிஷன் போட்டிருக்கும், ஏப்ரலில் வந்ததை இன்பாக்ஸில் தேடிப் பாருங்கள்.