அப்பா அம்மா கையெழுத்துப் போட்டாச்சு, மகள் மாட்டேன் என்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நாலு ஊசி. தனியார் மருத்துவமனை ஒன்றில், வாரம் ஒருமுறை மட்டும் போடும் புது இன்சுலினுக்கு டிரையல் நடக்கிறது. நானும் மனைவியும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஆய்வு முடியும் வரை மருந்தும் பரிசோதனையும் இலவசம். ஆனால் மகள் தன் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அழுகிறாள். 'உயிருக்கு ஆபத்தான நோய்தானே, பெற்றோர் ஒப்புதலே போதும், அப்புறம் சமாதானம் ஆகிவிடுவாள்' என்கிறார் அங்குள்ள ஒருங்கிணைப்பாளர். சட்டப்படி அவளைச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க முடியாது. ஒருங்கிணைப்பாளர் சொன்ன விதிவிலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வுகள் விதிகளின்படி நடக்கின்றன. 18 வயது நிரம்பாதவர் சட்டப்படி ஒப்புதல் தர முடியாது என்பதால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆய்வைப் பற்றிக் குழந்தைக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகள் தமக்கென்று தயாரித்த தனிப் படிவத்தில் தாங்களே கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் வயதையும் பிரித்துச் சொல்கின்றன: 7 முதல் 12 வரை வாய்மொழி இசைவு, அதற்கு மேல் 18 வரை எழுத்து மூலம். ஆக, உங்கள் மகளிடம் கேட்பது வெறும் சம்பிரதாயக் கையெழுத்து அல்ல.

இனி அந்த விதிவிலக்கு. கடுமையான அல்லது உயிருக்கு ஆபத்தான நோய்க்கான சிகிச்சை ஆய்வில், கலந்துகொள்ளாவிட்டால் குழந்தையின் நலன் கெடும் என்று ஆய்வு மருத்துவரும் பெற்றோரும் கருதினால், பிள்ளை விலக விரும்பினாலும் பெற்றோர் ஒப்புதலே போதும் என்கின்றன விதிகள். ஒருங்கிணைப்பாளர் இதன் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். நோய் கடுமையானதா என்பது ஒரு கேள்வி. ஆய்வில் சேராவிட்டால் என்ன கெடும் என்பது வேறு கேள்வி. வேறு மருந்துகள் எல்லாம் கைவிட்டு, ஆய்வில் உள்ள மருந்து ஒன்றுதான் மிச்சம் என்ற நிலையில் இருக்கும் புற்றுநோய்க் குழந்தைக்கு இந்த விதி பொருந்தும். உங்கள் மகள் இன்று போடும் இன்சுலின் வேலை செய்கிறது, நாளையும் கிடைக்கும். சேராவிட்டால் அவளுக்கு இப்போதைய ஊசிகளே தொடரும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்களிடம் தந்த தகவல் தாளில் 'குலுக்கல் முறையில் இரு பிரிவுகள்' என்பது போல ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலான இன்சுலின் ஆய்வுகளில் ஒரு பிரிவுக்குப் புது மருந்து, மறு பிரிவுக்கு வழக்கமான தினசரி இன்சுலின். உங்கள் மகள் இரண்டாவது பிரிவில் விழுந்தால், இப்போது போடுவது போன்ற ஊசியைத்தான் போடுவாள். கூடுதலாக ரத்தம் கொடுப்பாள். சேராவிட்டால் நலன் கெடும் என்ற வாதம் அங்கேயே நின்றுபோகிறது.

செலவு உங்களை அழுத்துவது புரிகிறது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும், அந்த வழியை விசாரியுங்கள். ஆய்வில் சேர மறுத்தால் இப்போதைய மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சை குறையும் என்று யாரும் சொல்லக் கூடாது. மறுப்பதால் எந்த இழப்பும் இல்லை என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

மகளிடம் அவள் எதற்கு மறுக்கிறாள் என்று ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். பள்ளி விடுப்பா, ரத்தம் எடுக்கும் நாளில் வெகுநேரம் படுத்திருப்பதா, வகுப்புக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா? சந்தேகத்தை மருத்துவர் அவளிடமே விளக்கி, அவளாக மனம் மாறினால் தவறில்லை. போன் வாங்கித் தருகிறேன் என்பதும் திட்டுவதும் இசைவு ஆகாது. ஆய்வில் உள்ள மருந்து முற்றிலும் புதிய மூலக்கூறாக இருந்தால் ஒப்புதல் பெறும் நிகழ்வை வீடியோவில் பதிய வேண்டும். அவள் அழுததும் அதில் இருக்கும்.

இப்போதும் மாட்டேன் என்றால், முதன்மை ஆய்வாளருக்கு எழுதுங்கள்: 'எங்கள் மகள் இசைவு தரவில்லை. எங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறோம். ரத்த மாதிரி ஏதும் எடுத்திருந்தால் அதை என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.' காரணம் எழுத வேண்டியதில்லை. நகலை மருத்துவமனையின் நெறிமுறைக் குழுச் செயலருக்கு அனுப்புங்கள். தொடர்பு விவரம் தகவல் தாளில் இருக்கும். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் புகார் செய்யலாம். ஆய்வை நிறுத்தி வைக்கவும், ஆய்வாளருக்குத் தடை விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

அவளாக மனம் மாறிச் சேர்ந்தாலும் எந்த நாளிலும் விலகலாம். ஆனால் வாராந்தர இன்சுலின் ஒரு வாரத்துக்கு மேலும் உடலில் வேலை செய்யும். ஒரு ஊசியாவது போட்ட பிறகு விலகினால், பழைய இன்சுலினை எந்த நாளில், எந்த அளவில் தொடங்குவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.