ஃபேன் சுற்றுகிறது, காற்று ஏன் போகவில்லை?

"செம்பூரில் மூணாவது மாடி ஃப்ளாட் சார். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமா சுத்துது, ஆனா குளிச்சு முக்கால் மணி நேரமானாலும் கண்ணாடியில ஆவி போகல. பின்பக்க ஷட்டர் பட்டையெல்லாம் பிசுக்கு. பாத்ரூம்ல எண்ணெய் எங்கிருந்து வருது? எப்படிக் கழுவறது?"

எண்ணெய் உங்கள் வீட்டுடையதாகக்கூட இருக்காது. மும்பைக் கட்டடங்களில் பாத்ரூம் ஃபேன் பெரும்பாலும் திறப்பது டக்ட்டுக்குள், அதாவது கட்டடத்தில் கீழிருந்து மேல்வரை போகும் குறுகிய காற்றுச் சந்துக்குள். கீழ் வீடுகளின் சமையலறை ஜன்னலோ சிம்னிக் குழாயோ அதே டக்ட்டில் இருந்தால், தாளித்த எண்ணெய்ப் புகை மேலேறி உங்கள் ஷட்டரில் படிகிறது. பாத்ரூமிலிருந்து போகும் ஈரமும் பவுடர் தூசியும் தலைமுடியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

அந்தப் பட்டைகளுக்கு மோட்டார் எதுவும் கிடையாது. ஃபேன் தள்ளும் காற்றில் தூக்கிக்கொள்ளும், நின்றால் சொந்த எடையில் விழும். இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன முனைகளில் பிசுக்கு ஏறினால் பாதி மட்டும் திறக்கும், சிலது திறக்கவே திறக்காது. ஃபேன் சுற்றியும் காற்று போகாததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வேலைக்கு முன் ஸ்விட்ச்சை அணைத்தால் போதாது. பழைய வயரிங்கில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எம்சிபியை இறக்கிவிடுங்கள். ஃபேனுக்கு பிளக் இருந்தால் உருவிவிட்டு, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, ஷட்டரோடு சேர்த்து உள்பக்கமாக இழுக்கலாம். ஸ்க்ரூவைக் கழற்றும் முன் ஃபேனை ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் டக்ட்டுக்குள் விழுந்துவிடும். வயர் நேராகச் சுவருக்குள் போனால் ஃபேனைக் கழற்ற வேண்டாம். முன் கிரில்லையும் பிளேடையும் மட்டும் எடுத்துவிட்டு, நீளப் பிடி பிரஷ்ஷால் உள்ளிருந்தே ஷட்டரைத் துடையுங்கள். டக்ட்டுக்குள் எட்டிப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது. பிளேடு மூடியில் திருகும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும், அவசரப்பட்டுத் திருகினால் மூடி உடையும்.

கழற்றியதும் நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். காய்ந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் முதலில் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிசுக்கும் தூசியும் சேர்ந்து சேறாகி மூலைகளில் அடைந்துகொள்ளும். புறா எச்சம் இருந்தால் மட்டும் உலர்வாகத் தேய்க்காமல், மாஸ்க் போட்டு நனைத்தே துடைக்க வேண்டும். பிறகு அரை பக்கெட் வெந்நீர், அதாவது கை பொறுக்கும் சூடு. அதில் 3 மூடி பாத்திரம் கழுவும் லிக்விட், 2 மேசைக்கரண்டி சமையல் சோடா. ஷட்டர், பிளேடு, கிரில் மூன்றையும் 20 நிமிடம் ஊறப்போடுங்கள். ஷட்டர் ஃபேன் உடலோடு கழலாமல் ஒட்டியே இருந்தால் ஊறப்போடாமல், அதே நீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். கொதிநீர் பட்டால் மெல்லிய பட்டை வளைந்துவிடும், பிறகு எவ்வளவு கழுவினாலும் உட்காராது. தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும்.

ஊறியதும் பழைய பல் பிரஷ்ஷால் பட்டையின் முகத்தைவிட அதன் முனைகளையே அதிகம் தேயுங்கள். பிளேடின் இரண்டு பக்கமும் ஒரே அளவு சுத்தமாக வேண்டும். ஒரு இறகில் மட்டும் அழுக்கு மிச்சமிருந்தால் ஃபேன் ஆடும், 'டர்ர்'ரென்று சத்தம் வரும். மோட்டாரில் தண்ணீரோ ஸ்ப்ரேயோ கூடாது, காய்ந்த பிரஷ்ஷும் பிழிந்த துணியும் போதும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மாடுங்காவில் ஒரு மாமி, பட்டை லேசாக விழட்டுமென்று முனையில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்திருந்தார். முதல் வாரம் பிரமாதம், இரண்டாம் மாதம் பழையபடி ஒட்டிக்கொண்டது. எந்த எண்ணெயும் தூசியைப் பிடித்து வைக்கும். அந்த முனைகள் காய்ந்தே இருக்கட்டும். மழைக்காலத்தில் நிழலில் ஒரு இரவு உலரவிட்ட பிறகே மாட்டுங்கள்.

மாட்டியதும் கதவைத் திறந்து வைத்து ஃபேனைப் போட்டு, கிரில்லில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள். ஒட்டி நிற்க வேண்டும். அணைத்தால் பட்டைகள் 'டிக் டிக்' என்று விழ வேண்டும். அடுத்து கதவைச் சாத்திப் பாருங்கள். தாள் கீழே விழுந்தால் ஃபேனில் குறை இல்லை, உள்ளே வரும் காற்றுக்கு வழியில்லை. கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி வேண்டும்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால், ஃபேன் சரியாகும்வரை கதவைச் சாத்திக்கொண்டு அதை ஓட்டவே ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சொல்லப்போனால், கேஸ் கீசர் பாத்ரூமுக்கு வெளியில்தான் இருக்க வேண்டும், ஃபேன் அதற்கு மாற்று இல்லை.

கழுவிய பிறகும் கையால் ஒரு சுற்று விட்டால்தான் ஃபேன் ஓடுகிறது, அல்லது கருகின வாசனை வருகிறது என்றால் கோளாறு மோட்டாரிலோ கெபாசிட்டரிலோ இருக்கும். மோட்டாரே போயிருந்தால், இந்தச் சின்ன பிளாஸ்டிக் ஃபேன்களுக்கு ரிப்பேர் செய்வதைவிடப் பெரும்பாலும் புதுசே லாபம்.