எல்எஸ்எம் எழுத வேகம், பி-ட்ரீ படிக்க வேகம்: எவ்வளவு, ஏன்?

கேள்வி: பங்சார் சவுத்தில் ஒரு இண்டர்வியூ. டேட்டாபேஸ் தரவை டிஸ்க்கில் அடுக்கும் இரண்டு முறைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "எல்எஸ்எம் எழுதுறதுக்கு வேகம், பி-ட்ரீ படிக்கிறதுக்கு வேகம்" என்று சொன்னேன். "எத்தனை மடங்கு? எதனால்?" என்று திருப்பிக் கேட்டார்கள், பதில் வரவில்லை. யாராவது கணக்கோடு விளக்க முடியுமா?

பதில்:

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம், சிப் சோதனை இயந்திரங்களிலிருந்து வரும் தரவைச் சேமிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் அந்த மாதிரி ஒரு டேபிளையே எடுத்துக்கொள்கிறேன். எண்கள் கணக்குக்காக உருட்டி எடுத்தவை. ஒரு வரி 150 பைட். கீ என்பது சிப் அடையாள எண்ணும் சோதனை எண்ணும் சேர்ந்தது, சிப் அடையாள எண் எந்த வரிசையும் இல்லாமல் வரும். டேபிள் 100 ஜிபி, அதில் 12 ஜிபிதான் மெமரியில் இருக்க முடியும். மும்முரமான நேரத்தில் வினாடிக்கு 5,000 வரிகள் வருகின்றன. அதாவது உண்மையான தரவு வினாடிக்கு முக்கால் எம்பிகூட இல்லை என்று சொல்லலாம், ஒரு பழைய டிஸ்க்கே தாங்கவேண்டிய அளவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பி-ட்ரீ, மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி மாதிரி. பேஜ் 16 கேபி, வரிகள் கிடப்பது அடிமட்டத்து இலைப் பேஜ்களில், ஆக 100 ஜிபிக்குச் சுமார் 65 லட்சம் இலைப் பேஜ்கள். மேலே இருக்கும் பேஜ் ஒவ்வொன்றும் கீழே சில நூறு பேஜ்களுக்கு வழிகாட்டும், 350 என்று வைத்தால் இலைக்கு மேல் மட்டத்தில் ஏறக்குறைய 19 ஆயிரம் பேஜ், அதற்கு மேல் ஐம்பத்து சொச்சம், உச்சியில் ஒன்று. மொத்தம் நான்கு மட்டம். இலையைத் தவிர்த்த மற்ற எல்லாம் சேர்ந்து 300 எம்பிதான், அது எப்போதும் மெமரியிலேயே கிடக்கும். அதனால் "நான்கு மட்டம் என்றால் நான்கு டிஸ்க் வாசிப்பு" என்று சொல்லிவிடாதீர்கள், நிறையப் பேர் வழுக்குவது அங்கேதான். ஒரு கீயைத் தேட ஒரு வாசிப்பு, அந்த இலை மட்டும்.

எழுதும்போது என்ன நடக்கிறது? புது வரி எந்த இலையில் போய் உட்காரும் என்று முன்கூட்டித் தெரியாது. அந்த இலை மெமரியில் இருக்க வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு, இல்லையென்றால் டிஸ்க்கிலிருந்து 16 கேபி தூக்கி வரவேண்டும். 150 பைட்டைச் செருகிவிட்டு, பிற்பாடு அந்தப் பேஜ் முழுவதையும் திரும்ப எழுதவேண்டும். அதையும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை: பாதி எழுதும்போது கரண்ட் போனால் பேஜ் கிழிந்துவிடும் என்பதற்காக இன்னோடிபி முதலில் டபுள்ரைட் பகுதியில் எழுதி, அப்புறம்தான் சொந்த இடத்தில் எழுதும். (போஸ்ட்கிரெஸ் இதே பயத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறது, செக்பாயிண்ட்டுக்குப் பிறகு ஒரு பேஜை முதல் தடவை தொடும்போது முழுப் பேஜையும் லாகில் எழுதும். செலவு என்னவோ அதே இனம்தான்.) ஆக 150 பைட்டுக்கு 32 கேபி, ஏறக்குறைய 218 மடங்கு.

"ஒரே பேஜில் பல வரிகள் சேர்ந்த பிறகு ஒரே தடவையாக எழுதலாமே" என்று கேட்பீர்கள். அது சரிதான், ஆனால் 65 லட்சம் இலைகள், அதில் எட்டில் ஒன்றுதான் மெமரியில், வருவதோ வரிசையில்லாத கீ. ஒரு இலை மெமரியை விட்டு வெளியேறுவதற்குள் இரண்டாவது வரி அதே இலைக்கு வருவது அபூர்வம். அதனால் வினாடிக்கு 5,000 வரிக்கு 160 எம்பி எழுத்து, கூடவே 70 எம்பி வாசிப்பு. முக்கால் எம்பி தரவுக்கு இது. இதைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: வெறும் இன்சர்ட் மட்டும் ஓடும் சர்வரில் `iostat -x 1` போட்டு, வினாடிக்கு எத்தனை வாசிப்பு என்று காட்டும் `r/s` பத்தியைப் பாருங்கள். யாருமே எதையும் படிக்காதபோது அங்கே ஆயிரக்கணக்கில் எண் ஓடினால் கீ வரிசையில்லாமல் வருகிறது, இலைகள் மெமரியில் அடங்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது எல்எஸ்எம், ராக்ஸ்டிபி மாதிரி. வரி முதலில் லாகிலும் மெமரியில் இருக்கும் மெம்டேபிளிலும் விழும். மெம்டேபிள் 64 எம்பி நிறைந்ததும் கீ வரிசையில் அடுக்கி ஒரே மூச்சில் ஒரு ஃபைலாக லெவல் 0-இல் எழுதப்படும். பழைய இலையைத் தேடிப் போவது இல்லை, இருந்த இடத்தில் திருத்துவதும் இல்லை. லெவல் 0-இல் நான்கு ஃபைல் சேர்ந்ததும் கம்பேக்‌ஷன் அவற்றைக் கீழ் லெவலோடு கலந்து புதிதாக எழுதும். ஒவ்வொரு லெவலும் மேலே உள்ளதைவிடப் பத்து மடங்கு பெரியது, நம் டேபிளுக்கு ஏறக்குறைய 1 ஜிபி, 9 ஜிபி, 90 ஜிபி என்று மூன்று லெவல் வரும்.

எழுத்து இலவசம் போலத் தெரிகிறது, இல்லை. அதே 150 பைட் லாகில் ஒரு தடவை, லெவல் 0-இல் ஒரு தடவை எழுதப்படுகிறது. 256 எம்பி அளவு ஃபைல்களை 1 ஜிபி லெவலோடு கலக்கும்போது இரண்டும் சேர்ந்து புதிதாக எழுதப்படுவதால் அங்கே ஒரு ஐந்து மடங்கு. அப்புறம் ஒவ்வொரு பத்து மடங்கு லெவலுக்கும் அதிகபட்சம் பத்துப் பத்து. கூட்டினால் 27. ஒரு வரிக்கு 4 கேபி, வினாடிக்கு 20 எம்பி. கம்பேக்‌ஷன் படிப்பதும் அதே அளவு இருக்கும், ஆனால் அது பெரிய துண்டுகளாக வரிசையாகப் படிப்பது. ஆக "எத்தனை மடங்கு" என்று கேட்டவருக்குப் பதில்: இந்த டேபிளுக்கு எழுத்தில் எட்டு மடங்கு வித்தியாசம், கூடவே வரிக்கு வரி நடக்கும் அந்தச் சிதறிய வாசிப்பும் இல்லாமல் போகிறது. ஆனால் இது சும்மா போடும் எழுத்துக்கு மட்டும். இன்சர்ட் செய்யும்போது "இந்தக் கீ ஏற்கெனவே இருக்கிறதா" என்று பார்க்கச் சொன்னால், எல்எஸ்எம்மும் முதலில் படித்தாகவேண்டும்.

சரி, படிப்பது. ஒரு கீ மெம்டேபிளில் இருக்கலாம், லெவல் 0-இன் நான்கு ஃபைலில் எதிலும் இருக்கலாம், மூன்று லெவலில் எதிலும் இருக்கலாம். மெம்டேபிளை விட்டால் ஏழு இடம். இங்கேதான் ப்ளூம் ஃபில்டர் வருகிறது. கீக்கு 10 பிட் கொடுத்தால், "இந்த ஃபைலில் அந்தக் கீ இல்லை" என்று திறக்காமலே சொல்லும், நூற்றில் ஒரு தடவைதான் வீணாகத் திறக்கவைக்கும். கீ கடைசி லெவலில் இருந்தால் செலவு 1.06 வாசிப்பு. பி-ட்ரீக்கு ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம்! இல்லாத கீயைத் தேடினால் எல்எஸ்எம் ஜெயிக்கும்: பி-ட்ரீ இலையைப் படித்துத்தான் இல்லை என்று சொல்லமுடியும், எல்எஸ்எம்முக்கு 0.07 வாசிப்பு போதும். ஆக "பி-ட்ரீ படிக்க வேகம்" என்ற வாக்கியம் ஒரு கீயைத் தேடும் விஷயத்தில் பெரிதாக நிற்காது. ஒரு நிபந்தனை, ஃபில்டர்கள் மெமரியில் இருக்கவேண்டும், 70 கோடி வரிக்கு அது 900 எம்பி கிட்ட பிடிக்கும். ராக்ஸ்டிபியில் ப்ளூம் ஃபில்டர் தானாக இயங்காது என்பதையும் கவனியுங்கள், `filter_policy` நீங்களே வைக்கவேண்டும். வைக்காமல் ஓட்டிவிட்டு "எல்எஸ்எம் ஸ்லோ" என்று திட்டுபவர்கள் உண்டு.

உண்மையில் எல்எஸ்எம் விலை கொடுப்பது குறுகிய ரேஞ்சில். ஒரு சிப்பை வேஃபராக இருக்கும்போதே ஒரு தடவை சோதிப்பார்கள், பேக்கேஜ் செய்த பிறகு ஒரு தடவை, சூட்டில் ஓட்டிப் பார்க்கும் பர்ன்-இன் முடிந்து ஒரு தடவை. இடையில் வாரக்கணக்கில் போகும். பர்ன்-இன் முடிந்த சோதனையில் ஒரு சிப் தோற்றால், "இந்தச் சிப்பின் எல்லாச் சோதனையும் கொடு" என்பதுதான் எங்களிடம் வரும் கேள்வி. பி-ட்ரீயில் அந்த வரிகள் எப்போது வந்தாலும் கீ வரிசைப்படி ஒரே இலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒரு வாசிப்பு, எப்போதாவது இரண்டு. எல்எஸ்எம்மில் முதல் சோதனை 90 ஜிபி லெவலுக்கு இறங்கியிருக்கும், இரண்டாவது 9 ஜிபியில் நிற்கும், மூன்றாவது இப்போதுதான் வந்தது, இன்னும் லெவல் 0-இல். ஃபில்டர் முழுக் கீயைப் பற்றித்தான் பேசும், "இந்தச் சிப்பில் ஆரம்பிக்கும் ஏதாவது இருக்கிறதா" என்று அதைக் கேட்கமுடியாது. அதனால் ஏழு இடத்திலும் போய் நின்று, ஏழையும் கலந்து கலந்து வரிசை பிடிக்கவேண்டும். சின்ன லெவல்கள் மெமரியில் இருந்தால் டிஸ்க் வாசிப்பு ஒன்றிரண்டுக்கு இறங்கும், சிபியு செலவு இறங்காது. `prefix_extractor` வைத்துச் சிப் எண்ணுக்கு மட்டும் ஃபில்டர் கட்டினால் அந்தச் சிப்பே இல்லாத ஃபைல்களைத் தாண்டிவிடலாம், உண்மையிலேயே மூன்று இடத்தில் சிதறியிருந்தால் மூன்றையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

இன்னொரு விலை, நேரத்துக்கு வராத செலவு. பி-ட்ரீ எழுதும் செலவை அன்றன்றைக்கே கட்டிவிடுகிறது, எல்எஸ்எம் கம்பேக்‌ஷன் பெயரில் கடன் சொல்லி வைக்கிறது. எங்களுக்கு ஒரு லாட் முடியும்போது பல இயந்திரங்கள் ஒன்றாகக் கொட்டும். கம்பேக்‌ஷனைவிட வேகமாக வந்தால் லெவல் 0-இல் ஃபைல் குவியும், அப்புறம் ராக்ஸ்டிபியே எழுத்தைப் பிடித்து நிறுத்தும். வழக்கமான எல்லைகள் இவை:

```
level0_file_num_compaction_trigger = 4
level0_slowdown_writes_trigger = 20
level0_stop_writes_trigger = 36
```

சராசரி வேகம் அருமையாக இருந்து, திடீரென்று சில வினாடிகள் எல்லா எழுத்தும் தொங்கினால் இதைத்தான் முதலில் பாருங்கள்:

```
grep -E "Stalling writes|Stopping writes" LOG
```

20 ஃபைல் குவிந்த நேரத்தில் படிப்பதும் கெடும், ஏனென்றால் அந்த ஏழு இடம் இப்போது இருபத்துமூன்று.

இண்டர்வியூவில் இந்த எண்களை ஒப்பிக்கவேண்டாம், முதலில் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: கீ எந்த வரிசையில் வருகிறது? ஏறுவரிசையில் வந்தால் மேலே போட்ட எட்டு மடங்கு காணாமல் போய்விடும். புது வரிகள் எல்லாம் கடைசி இலையிலேயே விழும், நூறு வரி சேர்ந்து பேஜ் நிறைந்த பிறகு ஒரே தடவை வெளியே போகும், வரிக்கு 330 பைட், இரண்டு மடங்கு சொச்சம்தான், பழைய இலையைத் தேடிப் படிக்கவும் வேண்டாம். எழுத்துக்காக எல்எஸ்எம்முக்கு மாறுவதற்கு முன் கீ முழுக்க ரேண்டமான யுயுஐடி நான்காம் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் நேரத்தை முன்னால் வைக்கும் ஏழாம் வகைக்கு மாற்றிவிட்டு மறுபடி `iostat` பார்த்தால் பல இடங்களில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். எங்கள் டேபிளில் அது நடக்காது, சிப் எண்ணை நாங்கள் வைப்பதில்லை, அது வேஃபரோடு வருகிறது.