நோட்டீஸில் ஒரு தொகை, வங்கியில் வேறு தொகை

கேள்வி: ஐயா, நான் பினாங்கு பாயான் லெப்பாசில் 15 வருடமாக வேலை செய்கிறேன். இந்தியக் குடியுரிமைதான். ஊரில் என்ஆர்ஓ கணக்கு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஒரு கம்பெனி ரூ.20,000 டிவிடெண்ட் என்று நோட்டீஸ் அனுப்பியது, கணக்கில் ஏறியது ரூ.15,840. நவம்பரில் இன்சூரன்ஸ் பாலிசி முதிர்ந்தது. கடிதத்தில் ரூ.3,60,000, வந்தது ரூ.3,10,080. 2014-இல் ஒரே தவணையாக ரூ.2,00,000 கட்டிய பாலிசி அது, காப்புத் தொகை ரூ.2,50,000. மீதிப் பணம் எங்கே போனது?

பதில்: உங்கள் பணம் காணாமல் போகவில்லை. இரண்டிலும் டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வரி, போக மிஞ்சியதுதான் வங்கிக்கு வந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பைசா பிசகாமல் பொருந்துகிறது.

டிவிடெண்டில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு 20 சதவீத வரியும், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிப்பார்கள். ஆக 20.8 சதவீதம். 20,000-க்கு ரூ.4,160. ஆனால் இந்தியா-மலேசியா இரட்டை வரி ஒப்பந்தத்தின்படி டிவிடெண்டுக்கு இந்தியா கேட்கக்கூடியது அதிகபட்சம் 5 சதவீதம், அதாவது ரூ.1,000. மீதி ரூ.3,160 உங்களுக்குத் திரும்ப வேண்டிய பணம். அதை வாங்க, மலேசிய வருமான வரி வாரியத்திடம் வசிப்பிடச் சான்றிதழ் பெறுங்கள், இந்திய வரித் தளத்தில் 10எஃப் படிவத்தையும் நிரப்புங்கள். வாரியம் சான்றிதழை ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டுக்குத் தருகிறது. இந்திய நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. உங்கள் டிவிடெண்ட் ஆகஸ்டில் வந்ததால் 2025-க்கான சான்றிதழ் போதும். பிப்ரவரியில் இன்னொன்று வந்திருந்தால் 2026-க்கும் வாங்க வேண்டும். பலர் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டுத் தடுமாறுவது இங்கேதான்.

இன்சூரன்ஸ் விஷயம் வேறு. பாலிசிப் பணத்துக்கு வரியே கிடையாது என்று நம் ஆட்கள் நினைப்பது பாதி உண்மை. 2012 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசியில் ஆண்டு பிரீமியம் காப்புத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், உயிரோடு இருக்கும்போது வரும் முதிர்வுத் தொகைக்கு விலக்கு இல்லை. உங்களுடையதில் அது 80 சதவீதம். ஆனால் வரி முழுத் தொகைக்கும் அல்ல, கட்டியது போக மிஞ்சிய ரூ.1,60,000-க்கு மட்டும். அதில் வரியும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்தால் ரூ.49,920. அதைக் கழித்தால் உங்கள் கணக்கில் வந்த தொகை. (முன்பு அந்த பிரீமியத்தை இந்தியாவில் வரிக்கழிவாகக் காட்டியிருந்தால், அந்தப் பகுதியை லாபத்திலிருந்து கழிக்க முடியாது.)

இந்த ரூ.49,920 முழுவதும் திரும்பலாம். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் ரூ.4,00,000 வரை வரி இல்லை. இந்த லாபத்தோடு என்ஆர்ஓ வட்டியும் பிற இந்திய வருமானமும் சேர்ந்து அதைத் தாண்டாவிட்டால், இந்த லாபத்துக்கு வரி வராது. டிவிடெண்டுக்கு மட்டும் இந்த வரம்பு உதவாது, அதன் வரி தனி விகிதம். ஆகவே ஐடிஆர்-2 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள், கடைசி நாள் 2026 ஜூலை 31. அதில் வங்கியில் வந்த தொகையை எழுதாதீர்கள். வருமானமாக 20,000, பிடித்த வரியாக 4,160 என்று நோட்டீஸில் உள்ளதை எழுதுங்கள். 15,840 என்று எழுதினால் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகிவிடும்.

தாக்கலுக்கு முன், உங்கள் பேரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை வரித் தளத்தில் திறந்து இந்த இரண்டு வரித்தொகையும் உங்கள் பான் எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிக் காலாண்டின் விவரம் மே இறுதிவரை வரலாம், எனவே ஜூனில் பார்ப்பது நல்லது. ஒன்று விடுபட்டிருந்தால், கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கோ இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கோ எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள். பெரும்பாலும் பான் எண் தவறியிருக்கும், அல்லது உங்களை இந்தியாவில் வசிப்பவர் என்றே பதிவில் வைத்திருப்பார்கள்.

அவர்கள் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டிருந்தாலும் நீங்கள் கலங்க வேண்டாம். 1961 சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி, உங்களிடம் ஏற்கெனவே பிடித்த வரியை உங்களிடமே மறுபடி கேட்க வரித்துறைக்கு உரிமை இல்லை. ஆனால் பிடித்ததை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. மொத்தத் தொகையும் வரியும் காட்டும் நோட்டீஸ், முதிர்வுக் கடிதம், அதே நாளில் மீதித் தொகை ஏறிய வங்கி அறிக்கைப் பக்கம், இந்த மூன்றையும் சேர்த்து வையுங்கள்.