அயற்கூற்றில் ‘உன்னிடம்’ எப்படி மாறும்?

“‘நான் நேற்று உன்னிடம் பணம் கொடுத்தேன்’ என்று முருகன் என்னிடம் சொன்னான். இதை ‘தான் நேற்று உன்னிடம் பணம் கொடுத்ததாக முருகன் என்னிடம் சொன்னான்’ என்று மாற்றினேன். தவறு என்கிறார்கள். காலத்தையும் மாற்ற வேண்டுமா?”

காலம் சரியாகத்தான் இருக்கிறது. ஆங்கிலப் பழக்கத்தில் ‘கொடுத்திருந்ததாக’ என்று பின்னுக்குத் தள்ள வேண்டாம். தமிழில் ‘கொடுத்தேன்’ என்பது ‘கொடுத்ததாக’ ஆகும், ‘கொடுப்பேன்’ என்பது ‘கொடுப்பதாக’ ஆகும். ‘சொன்னான்’ இறந்தகாலம் என்பதற்காக உள்ளே எதுவும் நகராது.

தவறு ‘உன்னிடம்’ என்பதில். முருகன் ‘உன்’ என்றது கேட்டவரை, அதாவது உங்களை. சொல்வதும் நீங்களே என்பதால் அது ‘என்னிடம்’ ஆக வேண்டும். ‘நேற்று’ என்பதும் ‘முந்தின நாள்’ ஆகும். முருகன் சொன்ன அன்றைக்கே நீங்கள் இதைச் சொல்வதானால் ‘நேற்று’ இருக்கலாம், ஆனால் தேர்வில் மாற்றிவிடுங்கள்.

‘தான் முந்தின நாள் என்னிடம் பணம் கொடுத்ததாக முருகன் என்னிடம் சொன்னான்.’

சரிபார்க்க, எழுதியதை முருகன் வாயில் திரும்பப் போட்டுப் பாருங்கள். ‘தான்’ நானாகவும், ‘முந்தின நாள்’ நேற்றாகவும், கொடுத்ததற்கு முன்னுள்ள ‘என்னிடம்’ உன்னிடமாகவும் திரும்பி, பழைய வாக்கியம் அப்படியே வந்தால் சரி. உங்கள் வாக்கியத்தில் ‘உன்னிடம்’ யாரைக் குறிக்கிறது? இப்போது அதைப் படிக்கிறவரை!

இந்தச் சோதனை ஓரிடத்தில் காலை வாரும். ‘கொடுக்கிறேன்’ என்பதும் பெரும்பாலும் ‘கொடுப்பதாக’ என்றே வரும், அதனால் திருப்பும்போது நிகழ்காலமா எதிர்காலமா என்று தெரியாது. செயல் அப்போது நடந்துகொண்டிருந்தால் ‘கொடுத்துக்கொண்டிருப்பதாக’ என்று எழுதிவிடுங்கள்.