வேலையில் இருந்துகொண்டே இன்டர்வியூ: வேறு நேரம் கேட்பது எப்படி?

கேள்வி: இப்போது ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வேறொரு இடத்தில் புதன்கிழமை மதியம் 2 மணிக்கு வீடியோ இன்டர்வியூ என்கிறார்கள். ஆபீஸ் நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ வைக்கச் சொல்லலாமா? தப்பாக நினைப்பார்களா?

தாராளமாகக் கேட்கலாம். நீங்கள் வேலையில் இருப்பது உங்கள் ரெஸ்யூமேவிலேயே இருக்கிறது, எச்.ஆருக்கு இது புதுக் கோரிக்கை இல்லை. ஆனால் எந்த நேரம் கேட்பது என்பதை யோசித்துவிட்டுக் கேளுங்கள். நான் யோசிக்காமல் கேட்டு மாட்டிக்கொண்டவன்.

முதல் தடவை, "மாலை 6 மணிக்கு மேல் எப்போது என்றாலும் சரி" என்று எழுதினேன். பணிவாக எழுதியதாக நினைப்பு. அவர்கள் 6.15க்கு வைத்துவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஐந்தரை மணி மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஆபீஸ் மாடிப்படியில் நின்று, யாராவது வருகிறார்களா என்று ஒரு கண் வைத்தபடி, கேமராவை அணைத்துவிட்டு முணுமுணுத்தேன். தெரிந்த பதிலைக்கூடத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் நான் காலையைத்தான் கேட்கிறேன். மாலையில் தாமதம் உங்கள் ஆபீஸிலிருந்து வரும், அது உங்கள் கையில் இல்லை. காலையில் அப்படி எதுவும் குறுக்கே வராது. இன்டர்வியூ நீண்டுவிடுவது ஒன்றுதான் ஆபத்து, அதற்கு முன்கூட்டியே இடம் விட்டுவிடலாம்.

எனக்கு ஆபீஸ் 9.30க்கு, வீட்டிலிருந்து போய்ச் சேர 40 நிமிடம். அப்படியானால் 8.50க்குள் கிளம்ப வேண்டும். இன்டர்வியூ எவ்வளவு நேரம் என்று முதலில் கேட்டேன், 45 நிமிடம் என்றார்கள். நன்றாகப் போகும் இன்டர்வியூதான் பெரும்பாலும் நீளும், அதனால் கூடுதலாகக் கால் மணி நேரம் சேர்த்து ஒரு மணி நேரமாக வைத்துக்கொண்டேன். 7.45க்கு ஆரம்பித்தால் 8.45க்கு முடியும். ஆனால் 7.45க்கு வரச் சொன்னால் எதிரில் இருப்பவரும் முகம் சுளிப்பார் இல்லையா? அதனால் 8 மணி கேட்டுவிட்டு, அன்று பத்து மணிக்கு வருவதாக மேனேஜரிடம் முந்தின நாளே சொல்லிவைத்தேன். "காலையில் ஒரு சொந்த வேலை இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பல் டாக்டர், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் கதை கட்டினால், அடுத்த வாரம் பாட்டியை விசாரிப்பார்கள்.

எச்.ஆருக்கு எழுதிய மெயில் ஏறக்குறைய இப்படி:

"அழைப்புக்கு நன்றி. தற்போது பணியில் இருப்பதால் மதிய நேரத்தில் பேசுவது சிரமம். செவ்வாய் அல்லது வியாழன் காலை 8 மணி, இல்லையென்றால் வியாழன் மாலை 7.30 மணி வசதிப்படுமா? இவை மூன்றும் ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள், அரை நாள் விடுப்பு எடுக்கப் பார்க்கிறேன்."

மூன்று நேரங்கள் குறிப்பாக இருப்பதால், எச்.ஆர். அதை அப்படியே இன்டர்வியூ எடுப்பவருக்கு அனுப்பி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். "உங்கள் வசதிப்படி" என்று விட்டால் பழையபடி மதியம் 2 மணிதான் வரும். எதிராளி வேறு நாட்டில் இருந்தால், எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதிவிடுங்கள். கடைசி வரி முக்கியம், ஆனால் விடுப்பு உண்மையிலேயே எடுக்க முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள். மெயில், கேலண்டர் அழைப்பு எல்லாம் சொந்த மெயிலுக்கே வரட்டும். ஆபீஸ் கேலண்டரில் விழுந்தால் அதைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இந்தச் சலுகை போன் ரவுண்டு, ஒருவர் எடுக்கும் வீடியோ ரவுண்டு வரைதான் எளிதில் கிடைக்கும். நாலைந்து பேர் உட்காரும் ரவுண்டுக்கோ, நேரில் வரச் சொல்லும் ரவுண்டுக்கோ காலை 8 மணி கேட்டால் பெரும்பாலும் நடக்காது. அங்கே வேறு ஒன்றைக் கேளுங்கள்: மிச்ச ரவுண்டுகளை எல்லாம் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று. ஒரு நாள் விடுப்போடு போய்விடும். வாரம் ஒரு அரை நாளாக மூன்று வாரம் விடுப்புக் கேட்டால் இங்கே சந்தேகம் வரும்.

உங்கள் புதன்கிழமைக்கு இன்றே பதில் போடுங்கள். செவ்வாய் இரவு மாற்றச் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்தை உங்களுக்காக ஒதுக்கி வைத்தவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான்.